முகவரி சொல்பவர் கூட வருவதில்லை

டொராண்டோவில் படிக்கும் அண்ணன் மகளுக்குக் கல்லூரியில் ஒரு சின்ன வேலை கொடுத்திருந்தார்கள். ஏதாவது ஒரு இணையதளத்தின் பெயரைக் கேட்டால் என்ன எண் பதிலாக வருகிறது என்று பார்த்து எழுதிவர வேண்டும். அவள் தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொண்டாள். எழுதியது சரிதானா என்று கேட்க எனக்குப் போன் செய்தாள். சென்னையில் என் கணினியில் நானும் அதையே தட்டினேன்.

```
$ dig +short ta.wikipedia.org
dyna.wikimedia.org.
103.102.166.224
```

எண்ணைப் படித்துக் காட்டினேன்.

"சித்தப்பா, எனக்கு அது வரலையே! 208.80.154.224னு வருது. நான் எதையாவது தப்பா அடிச்சுட்டேனா?"

தப்பில்லை. இரண்டும் சரியான பதில்தான். எனக்கு வந்தது சிங்கப்பூரில் இருக்கும் விக்கிமீடியா மையத்தின் எண். அவளுக்கு வந்தது அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ஆஷ்பர்ன் ஊரில் இருக்கும் மையத்தின் எண். பெயர் ஒன்று, கேட்ட கேள்வி ஒன்று, ஆனால் கேட்ட ஆளைப் பார்த்துப் பதில் மாறியிருக்கிறது. நடுவில் வந்த dyna என்ற பெயருக்கு எழுதிவைத்த ஒற்றை எண் கிடையாது. கேள்வி வரும்போதுதான் அதற்கான பதில் தீர்மானமாகிறது.

இப்படி ஆளைப் பார்த்தும் நேரத்தைப் பார்த்தும் பதிலை மாற்றிச் சொல்வதற்கு வைத்திருக்கும் விதிகளைத்தான் டி.என்.எஸ். ரூட்டிங் என்கிறார்கள். நாடு பார்த்துச் சொல்வது, வேகம் பார்த்துச் சொல்வது, பங்கு பிரித்துச் சொல்வது, ஒன்று விழுந்தால் இன்னொன்றைச் சொல்வது என்று அதில் நான்கு முக்கியமான வகைகள். அமேசானின் ரூட் 53 போன்ற சேவைகளில் இவற்றை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துவிடலாம். எதற்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சறுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: ரூட்டிங் என்ற பெயரைக் கேட்டு, டி.என்.எஸ். நம்மை வழிநடத்திக் கூட்டிப்போகிறது என்று நினைத்துவிடுகிறோம்.

அது கூட்டிப்போவதில்லை. புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் வழி கேட்கிறோம். அவர் கையை நீட்டிச் சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விடுகிறார். அந்தத் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்களா, நாம் தேடிப்போன வீடு பூட்டிக்கிடக்கிறதா என்பதெல்லாம் அதற்குமேல் அவர் கையில் இல்லை. 1983-ல் பால் மொகபெட்ரிஸ் இந்த முறையை வடிவமைத்ததிலிருந்து இன்றுவரை டி.என்.எஸ். செய்வது இதைத்தான்.

இதில் இன்னும் இரண்டு சங்கதிகள் உண்டு. முதலாவது, வழி கேட்பது நாமே அல்ல. நம் சார்பில் ரிசால்வர் என்ற இடையாள் கேட்கிறார். வீட்டில் பிராட்பேண்ட் கொடுக்கும் நிறுவனமோ, கூகுளின் 8.8.8.8 போன்ற பொதுச் சேவையோ அந்த இடையாளாக இருக்கும். விக்கிப்பீடியாவின் டி.என்.எஸ். சர்வருக்குத் தெரிவது அந்த இடையாளின் முகவரி, என் முகவரி அல்ல. இரண்டாவது, இடையாள் ஒருமுறை கேட்ட பதிலை மனப்பாடம் செய்துகொள்கிறார். எத்தனை நொடி வைத்துக்கொள்ளலாம் என்று பதிலோடு ஒரு கெடு வருகிறது. அதற்கு டி.டி.எல். என்று பெயர். கெடு 300 என்றால் அடுத்த ஐந்து நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் கேட்டாலும் பழைய பதிலையே எடுத்துக் கொடுப்பார். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் நான்கு முறைகளும் எங்கே பொருந்தும், எங்கே காலை வாரும் என்பது தானாகவே புரிந்துவிடும்.

நாட்டைப் பார்த்துச் சொல்வது

விக்கிப்பீடியா செய்வது இதைத்தான். விக்கிமீடியா நிறுவனம் ஜிடிஎன்எஸ்டி என்ற திறமூல மென்பொருளை டி.என்.எஸ். சர்வராக வைத்திருக்கிறது. எந்த நாட்டுக்கு எந்த மையம் என்று எழுதிய பட்டியலையும் யாரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. அதன் வடிவம் இப்படி இருக்கும். முதல் பெயரைத் தவிர மற்றவற்றின் வரிசையை இங்கே மாதிரிக்காகத்தான் போட்டிருக்கிறேன்.

```
IN => [eqsin, ulsfo, codfw, eqiad]
```

IN என்றால் இந்தியா. eqsin என்பது 2018-ல் தொடங்கிய சிங்கப்பூர் மையம். ulsfo சான் பிரான்சிஸ்கோவிலும், codfw டெக்சாஸிலும், eqiad ஆஷ்பர்னிலும் இருக்கின்றன. கேட்ட முகவரி எந்த நாட்டினுடையது என்று ஐ.பி. முகவரிகளின் பட்டியல் ஒன்றில் தேடுகிறார்கள். இந்தியா என்று வந்தால் வரிசையில் முதலில் இருக்கும் சிங்கப்பூரின் எண்ணைக் கொடுக்கிறார்கள். சிங்கப்பூரைப் பழுதுபார்க்க நிறுத்தியிருந்தால் வரிசையில் அடுத்தது. கனடா போன்ற அகலமான நாட்டை மாகாணம் மாகாணமாகப் பிரித்துக் கிழக்கை ஒரு மையத்துக்கும் மேற்கை இன்னொன்றுக்கும் அனுப்பலாம். டொராண்டோவுக்கு ஆஷ்பர்ன் கிடைத்தது அப்படித்தான்.

கேட்பவர் இடையாள் என்ற முதல் சங்கதி இங்கேதான் குறுக்கே வருகிறது. சென்னை அலுவலகம் ஒன்றில் எல்லாக் கணினிகளும் அமெரிக்கத் தலைமையகத்தின் ரிசால்வரைக் கேட்கும்படி அமைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோழிங்கநல்லூரில் உட்கார்ந்திருப்பவருக்கு அமெரிக்காவின் எண் வந்து சேரும். இதைச் சரிக்கட்ட 2016-ல் ஆர்.எஃப்.சி. 7871 என்ற ஆவணத்தில் ஒரு வழியைப் பதிவு செய்தார்கள். இடையாள் கேள்வியோடு நம் முகவரியின் முதல் மூன்று பகுதிகளையும் சேர்த்து அனுப்பலாம். தெருப் பெயர் தெரியும், கதவு எண் தெரியாது என்பதுபோல. கூகுளின் 8.8.8.8 அப்படி அனுப்புகிறது. கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 தனியுரிமையைக் காரணம் காட்டி அனுப்புவதில்லை. ஆகவே ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு ரிசால்வர்களைப் பயன்படுத்தினால் அவர்களுக்கு இரண்டு ஊர்களின் எண் வரக்கூடும்.

நாடு பார்க்கும் முறை எதற்குப் பொருந்தும்? உள்ளடக்கம் நாட்டுக்கு நாடு மாறும் இடத்துக்குப் பொருந்தும். ஜெர்மனிக்காரருக்கு ஜெர்மன் மொழிப் பக்கமும் யூரோவில் விலையும், இந்தியருக்கு ரூபாயில் விலையும் காட்டும் கடைக்குப் பொருந்தும். ஒரு நாட்டவரின் கோரிக்கை அந்த நாட்டிலுள்ள சர்வருக்கே போகவேண்டும் என்று சட்டமோ ஒப்பந்தமோ சொல்லும்போது பொருந்தும். ஆனால் இது பூட்டு அல்ல. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை இந்தியாவுக்கு மட்டும் என்றால், டி.என்.எஸ்.ஸில் மற்ற நாடுகளுக்கு வேறு எண் கொடுப்பதால் யாரையும் தடுத்துவிட முடியாது. உண்மையான எண் தெரிந்தவர் நேராகவே வந்து கதவைத் தட்டலாம், வி.பி.என். போட்டவர் இந்தியர் வேடத்தில் வரலாம். தடுப்பதானால் சர்வரின் வாசலில்தான் தடுக்கவேண்டும்.

இந்த முறையில் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி ஒன்று இருக்கிறது. நானும் விழுந்திருக்கிறேன். தமிழ்ப் புத்தகங்கள் விற்கும் ஒரு தளத்துக்கு ரூட் 53-ல் நாடுவாரியாக விதி எழுதிக் கொடுத்தேன். இந்தியாவுக்கு ஒன்று, சிங்கப்பூருக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று. சோதித்தோம், மூன்றும் வேலை செய்தன. சில நாள் கழித்து மஸ்கட்டிலிருந்து ஒருவர், உங்கள் தளமே இல்லை என்று வருகிறதே என்று எழுதினார். சர்வரின் பதிவேட்டைப் புரட்டினோம். ஒரு பிழைகூட இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அவருடைய கோரிக்கை சர்வர்வரை வந்து சேரவே இல்லை. கடைசியில் அங்கிருந்த நண்பர் ஒருவரைத் தன் கணினியில் dig தட்டிப் பார்க்கச் சொன்னோம். திரையில் `status: NOERROR` என்றும், பக்கத்தில் `ANSWER: 0` என்றும் வந்தது. பிழை எதுவும் இல்லை, பதிலும் இல்லை. ஓமனுக்கு நான் விதி எழுதவில்லை. எந்த விதியிலும் அடங்காதவர்களுக்காக எழுதவேண்டிய டீஃபால்ட் விதியையும் எழுதவில்லை. ஆகவே ரூட் 53 வாயைத் திறக்காமல் இருந்துவிட்டது. டீஃபால்ட் என்ற ஒரு வரியைச் சேர்த்தோம், மறுநாளே மஸ்கட்டிலிருந்து ஆர்டர் வந்தது. எந்த நாடு என்றே கண்டுபிடிக்க முடியாத முகவரிகளும் உலகில் உண்டு. அவர்களையும் அந்த ஒரு வரிதான் காப்பாற்றும்.

வேகத்தைப் பார்த்துச் சொல்வது

நாடு பார்ப்பதையும் இதையும் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். பக்கத்தில் இருப்பது வேகமாக வரும்தானே என்ற கணக்கு. வரைபடத்தில் பக்கம் என்பது வேறு, கேபிளில் பக்கம் என்பது வேறு. 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடியில் போட்ட ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். போக 16 மில்லிசெகண்ட், வர 16, ஆக 32. இது இயற்கை விதித்த குறைந்தபட்சம். நடுவில் இருக்கும் கருவிகள் இதற்குமேல் கொஞ்சம் சேர்க்கும். மும்பை இதைவிடப் பக்கம் என்பதால் பெரும்பாலும் வேகமாக வரும். ஆனால் உங்கள் பிராட்பேண்ட் நிறுவனம் மும்பைப் போக்குவரத்தைச் சுற்றுவழியில் அனுப்பினால் சிங்கப்பூரே முந்திக்கொள்ளும். வரைபடத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல முடியும்.

அமேசான் அப்படி அளந்து வைத்திருக்கிறது. எந்த நெட்வொர்க்கிலிருந்து தன் எந்த மையத்துக்குப் போய்வர எவ்வளவு நேரமாகிறது என்று தொடர்ந்து சேர்த்த அளவுகளைப் பார்த்துக் குறைவானதைச் சொல்கிறது. லேட்டன்சி என்று பட்டியலில் இருப்பது இதுதான்.

இதில் எவ்வளவு மிச்சமாகும் என்று பார்த்துவிடலாம். பாதுகாப்பான தளம் ஒன்றைத் திறக்க, எண் தெரிந்த பிறகும் வழக்கமாக மூன்றுமுறை போய்வர வேண்டும். இணைப்பு ஏற்படுத்த ஒன்று, ரகசியக் குறியீட்டுக்கு ஒன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒன்று. சென்னையிலிருந்து வர்ஜீனியா போய்வர 220 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டால், முதல் எழுத்து திரையில் வருவதற்குள் 660 போய்விடும். சிங்கப்பூருக்கு 40 என்றால் 120-ல் முடியும். கண்ணுக்கே தெரியும் வித்தியாசம் இது.

ஆனால் இந்த முறைக்குத் தெரியாத விஷயங்கள் இரண்டு. அளவுகள் நெட்வொர்க்கைப் பற்றியவை, உங்கள் சர்வரைப் பற்றியவை அல்ல. மும்பை சர்வர் சுமை தாங்காமல் ஒவ்வொரு பக்கத்துக்கும் பத்து நொடி எடுத்துக்கொண்டிருந்தாலும், கேபிள் வேகமாக இருக்கும்வரை எல்லோரையும் அங்கேயேதான் அனுப்பும். அடுத்தது, நெட்வொர்க் மாறினால் பதிலும் மாறும். இந்த வாரம் மும்பைக்குப் போனவர் அடுத்த வாரம் சிங்கப்பூருக்குப் போகலாம். வாங்கப்போகும் பொருள்களின் கூடையை மும்பை சர்வரின் நினைவில் மட்டும் வைத்திருந்தால், சிங்கப்பூருக்குப் போனவரின் கூடை காலியாக இருக்கும். எல்லா மையங்களிலும் ஒரே தரவு இருக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் இந்த விதியைத் தொடவேண்டும். யாருக்கு எது காட்டவேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல், எங்கிருந்து கொடுத்தாலும் அதே சரக்குதான் என்றால் மட்டுமே இது பொருந்தும்.

பங்கு பிரித்துச் சொல்வது

இதன் கணக்கு எளிது. பழைய சர்வருக்கு 95, புதியதற்கு 5 என்று எடை போட்டால், நூறு பதிலில் ஏறக்குறைய ஐந்து புதியதைச் சொல்லும். ரூட் 53-ல் எடை 0 முதல் 255 வரை போடலாம். நூறுக்கு எத்தனை என்பதல்ல கணக்கு, மொத்த எடையில் எத்தனை பங்கு என்பதே. 3-ம் 1-ம் போட்டால் நாலில் ஒரு பங்கு.

தளத்தைப் புது இடத்துக்கு மாற்றும்போது இதற்கு நிகர் வேறில்லை. முதல் நாள் 5 பங்கை அனுப்பிப் பார்க்கலாம். பிழைகள் கூடவில்லை என்றால் 25, அப்புறம் 50, அப்புறம் முழுவதும். தப்பு தெரிந்தால் புதியதன் எடையை 0 ஆக்கினால் போதும், புதுப் பதில்களில் அது வராது.

புதுப் பதில்களில் வராது என்பதைக் கவனியுங்கள். முன்பே பதிலை வாங்கி வைத்திருப்பவர்கள் கெடு முடியும்வரை அங்கேதான் போவார்கள். இன்னொன்று, நூற்றுக்கு ஐந்து என்பது பதில்களின் பங்கே தவிர ஆட்களின் பங்கு அல்ல. அந்த ஐந்து பதில்களில் ஒன்றை வாங்கியவர் ஒரு பெரிய மொபைல் நிறுவனத்தின் ரிசால்வராக இருந்தால், அதன் பின்னால் இருக்கும் லட்சக்கணக்கானவர்களும் அடுத்த ஐந்து நிமிடத்துக்குப் புது சர்வரின் வாசலில் வந்து நிற்பார்கள். ஐந்து சதவீதம் என்று நினைத்துச் சின்னதாக அமைத்த சர்வர் மூச்சுத் திணறும். பத்து நிமிட வரைபடத்தைப் பார்த்தால் பங்கு 2-க்கும் 20-க்கும் நடுவே தாவிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்குச் சராசரி பார்த்தால்தான் ஐந்துக்குப் பக்கத்தில் வரும். ஒருவரே காலையில் புதிய வடிவத்தையும் மாலையில் பழையதையும் பார்க்க நேரலாம். இன்னாருக்குப் புதியது, அவருக்கு எப்போதும் புதியதுதான் என்ற கறார் வேண்டுமென்றால் அது லோடு பேலன்சரின் வேலை.

ஒன்று விழுந்தால் இன்னொன்று

ஃபெயிலோவர் என்றால் முதன்மை சர்வர் ஒன்று, மாற்று ஒன்று. முதன்மை உயிரோடு இருக்கிறதா என்று வெளியிலிருந்து சிலர் அவ்வப்போது தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். செத்துவிட்டது என்று தெரிந்தால் மாற்றின் எண்ணைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். விற்பவர்கள் இதை உடனடி மாற்றம் என்பார்கள். எவ்வளவு உடனடி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ரூட் 53 வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை தட்டும். தொடர்ந்து மூன்றுமுறை பதில் வராவிட்டால்தான் விழுந்ததாக எடுத்துக்கொள்ளும். ஒருமுறை தவறியதை வைத்து முடிவுகட்டினால் சின்னத் தடங்கலுக்கெல்லாம் அலைக்கழிப்பு வரும் என்பதால் இந்த நிதானம். ஆக 90 நொடி. பெயருக்கான கெடு 300 நொடி என்றால், சர்வர் விழுவதற்கு ஒரு நொடி முன்னால் பதில் வாங்கிய ரிசால்வர் ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்குச் செத்த சர்வரையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு காத்திருப்பும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று விழும் என்றாலும், மோசமான நிலையில் 390 நொடி, அதாவது ஆறரை நிமிடம். காசு கூடக் கொடுத்து 10 நொடிக்கு ஒருமுறை தட்டச் சொல்லி, கெடுவையும் 60 ஆக்கினால் 90 நொடிக்கு இறக்கலாம்.

கெடுவை 5 நொடி என்று வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஐந்து நொடிக்கு ஒருமுறை எல்லா ரிசால்வர்களும் திரும்பத் திரும்பக் கேட்டு வரும். கேள்விக்கு இத்தனை காசு என்று வாங்கும் சேவையில் பில் ஏறும். மிகக் குறைந்த கெடுவை மதிக்காமல் தன் இஷ்டத்துக்குக் கூட்டி வைத்துக்கொள்ளும் ரிசால்வர்களும் உண்டு. போதாததற்குச் சில மென்பொருள்கள் ஒருமுறை தெரிந்துகொண்ட எண்ணை, தம்மை நிறுத்தித் திரும்பத் தொடங்கும்வரை மறப்பதில்லை. ஜாவாவில் எழுதிய பழைய நிரல்களில் இந்த வழக்கம் பிரசித்தம். மாற்று சர்வர் வந்து ஒரு மணி நேரம் ஆனபிறகும் பழைய எண்ணுக்கு யாராவது வந்துகொண்டிருந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது இவர்களைத்தான்.

நேரக் கணக்கைவிடப் பெரிய கேள்வி, எதைத் தட்டிப் பார்ப்பது என்பது. முகப்புப் பக்கம் வருகிறதா என்று மட்டும் பார்த்தால், உள்ளே டேட்டாபேஸ் விழுந்து ஒருவரும் லாக்-இன் செய்ய முடியாதபோதும் எல்லாம் நலம் என்றே பதில் வரும். சரி, டேட்டாபேஸையும் சேர்த்தே பார்ப்போம் என்று போனால் எதிர்ப்பக்கத்துச் சிக்கல். முதன்மையும் மாற்றும் ஒரே டேட்டாபேஸை நம்பியிருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் செத்ததாகக் கணக்காகும். அப்போது என்ன சொல்வது? ரூட் 53 முதன்மையின் எண்ணையே சொல்லும். பதிலே சொல்லாமல் இருப்பதைவிட, ஒருவேளை பிழைத்திருக்கலாம் என்ற முகவரியைச் சொல்வது மேல் என்ற நியாயம்.

அந்த நியாயத்தின் அருமை 2021 அக்டோபர் 4 அன்று தெரிந்தது. ஃபேஸ்புக்கும் வாட்ஸ்ஆப்பும் இன்ஸ்டாகிராமும் நம் ஊரில் இரவு 9 மணிக்குமேல் அணைந்து, சுமார் ஆறு மணி நேரம் திரும்பவில்லை. அந்த நிறுவனமே பிறகு நடந்ததை விளக்கியது. உலகெங்கும் சிறிய மையங்களில் இருந்த அதன் டி.என்.எஸ். சர்வர்களுக்கு ஒரு கட்டளை கொடுத்து வைத்திருந்தார்கள்: பெரிய டேட்டா சென்டர்களோடு உன்னால் பேச முடியவில்லை என்றால் உனக்குத்தான் ஏதோ பழுது, ஆகவே இணையத்துக்கு உன் இருப்பை அறிவிப்பதை நிறுத்திக்கொள். ஒரு மையம் கெட்டால் இது நல்ல ஏற்பாடுதான், மற்றவை பார்த்துக்கொள்ளும். அன்று பராமரிப்பு வேலையில் இட்ட ஒரு கட்டளை மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க் முழுவதையும் துண்டித்தது. எல்லா டி.என்.எஸ். சர்வர்களும் ஒரே நேரத்தில் தங்களுக்குத்தான் பழுது என்று நினைத்து ஒதுங்கிக்கொண்டன. அவை ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் வழி சொல்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கடையைச் சாத்தினால் ஊரில் எந்த வீடு நன்றாயிருந்து என்ன பயன்? பழுது பார்க்க உதவும் உள்ளகக் கருவிகளும் அதே பெயர்களை நம்பியிருந்ததால் பொறியாளர்கள் நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

சின்ன நிறுவனங்கள் இந்த அளவுக்குப் போகப்போவதில்லை. அவர்களுக்கு வரும் சிக்கல் திரும்பி வருவதில்தான். முதன்மை விழுகிறது, மாற்று ஏற்கிறது, பத்து நிமிடத்தில் முதன்மை தானே எழுந்துகொள்கிறது. ஹெல்த் செக் சந்தோஷமாக எல்லோரையும் அங்கே திருப்பி அனுப்பிவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் மாற்று சர்வரில் பதிவான ஆர்டர்கள் முதன்மையின் டேட்டாபேஸில் இல்லை. கெடு முடியாத சிலர் இன்னும் மாற்றில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், கெடு முடிந்தவர்கள் முதன்மையில் எழுதுகிறார்கள். மறுநாள் இரண்டு கணக்குப் புத்தகங்களை ஒன்றாக்க உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். என் வழக்கம், போவது தானாக நடக்கட்டும், திரும்புவது ஆள் பார்த்துச் செய்யட்டும் என்பது. படிக்க மட்டுமான தளத்துக்கும், மன்னிக்கவும் பராமரிப்பு நடக்கிறது என்று காட்டும் ஒற்றைப் பக்கத்துக்கும் டி.என்.எஸ். ஃபெயிலோவர் கச்சிதம். பணம் கைமாறும் இடத்தில், தரவை இரண்டு பக்கமும் ஒன்றாக வைத்திருக்கும் ஏற்பாடு முதலில், டி.என்.எஸ். அதற்குப் பின்னால்.

நடைமுறையில் யாரும் ஒரே முறையோடு நிற்பதில்லை. மேலே பார்த்த விக்கிப்பீடியாவின் வரியிலேயே இரண்டு முறைகள் இருக்கின்றன. இடப்பக்கம் நாடு, வலப்பக்கம் ஒன்று போனால் இன்னொன்று. வேகம் பார்த்து மும்பையைத் தேர்ந்து, மும்பைக்குள் புதியதற்கும் பழையதற்கும் எடை பிரித்து, மும்பையே விழுந்தால் சிங்கப்பூர் என்றும் அடுக்கலாம். அடுக்க அடுக்க, ஒருவருக்கு ஏன் இந்த எண் வந்தது என்று கண்டுபிடிப்பது கடினமாகிக்கொண்டே போகும். இரண்டு அடுக்குக்குமேல் போகிறவர்களிடம் நான் ஏன் என்று கேட்பேன்.

உங்கள் தளத்துக்கு இவற்றில் எது வைத்திருந்தாலும் இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். +short இல்லாமல் dig என்று எழுதி உங்கள் பெயரைத் தட்டுங்கள். ஐந்து நொடி விட்டு மறுபடி தட்டுங்கள். பெயருக்கு அடுத்துள்ள எண் ஐந்து குறைந்திருந்தால், உங்களுக்குக் கிடைத்தது உங்கள் டி.என்.எஸ். சர்வரின் பதில் அல்ல, இடையாளின் மனப்பாடம். அந்த எண் 86400-க்குப் பக்கத்தில் இருந்தால், நீங்கள் வைத்திருக்கும் மாற்று சர்வர் சிலருக்கு நாளைக்குத்தான் கண்ணில் படும். சர்வரை மாற்றப்போகும் நாளில் கெடுவைக் குறைத்தால் பயனில்லை. பழைய கெடு முழுவதும் கழிய விட்டு, ஒரு நாள் முன்பே குறைத்துவையுங்கள்.

விக்கிமீடியாக்காரர்கள் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸுக்கும் பிறகு அங்கிருந்து திரும்பவும் முதன்மை மையத்தை வேண்டுமென்றே மாற்றிப் பார்க்கிறார்கள். விழுந்தபிறகு மாற்று வேலை செய்கிறதா என்று பார்ப்பதைவிட, விழுவதற்கு முன்பே பார்த்துவிடுவது அவர்கள் பழக்கம். அந்தச் சில நிமிடம் எந்த விக்கிப்பீடியாவிலும் படிக்கலாம், திருத்த முடியாது. அப்படி ஒரு அறிவிப்பைத் தமிழ் விக்கிப்பீடியாவில் பார்த்தால், எழுதியதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்துச் சேமியுங்கள்.